ஊர் வரைபடத்தை ஊர்முன் வைக்கும் உரை: முதன்முறை பேசும் தலைவருக்கு ஒரு வழிகாட்டி

கிணறுகள், பாதைகள், பொதுநிலம் ஆகியவற்றை ஊராரே கூடி நடந்து அளந்து வரைந்த படத்தை முதன்முறையாகக் கூட்டத்தில் வைக்கும் தலைவர், எட்டு நிமிடம் பேசினால் போதும். அந்த நேரத்துக்குள் கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் தாம் நீர் இறைக்கும் கிணற்றையும் தாம் நடக்கும் வழியையும் படத்தில் தாமே கண்டுபிடித்து, அவை குறிக்கப்பட்டிருக்கும் இடம் சரியா தவறா என்று வாய்திறந்து சொல்லும் நிலைக்கு வந்துவிட வேண்டும். உரையின் வெற்றியை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான். பேச்சு முடிந்ததும் கைதட்டல் எழுந்து, ஒருவர்கூடப் படத்தின் அருகே வந்து விரல் வைத்துப் பார்க்காமல் கலைந்து போனால், படத்தில் உள்ள பிழைகள் அப்படியே தங்கிவிடும். இரண்டு ஆண்டு கழித்து ஒரு வழித் தகராறில் அவை வெளியே வரும்.

இந்தக் கட்டுரையில் ஒரு மாதிரி ஊரை வைத்துக்கொண்டு உரையைத் தொடக்கம் முதல் கட்டிப் பார்ப்போம். ஊர் கிழக்கு மேற்காக 2 கிலோமீட்டர், வடக்கு தெற்காக ஒன்றரைக் கிலோமீட்டர். ஒன்பது கிணறுகள், நான்கு முக்கியப் பாதைகள், தென்மேற்கு மூலையில் 12 ஹெக்டேர் மேய்ச்சல் நிலம். படம் 1:2000 அளவில் வரையப்பட்டுள்ளது. அதாவது படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 20 மீட்டர். எனவே தாள் ஒரு மீட்டர் அகலமும் முக்கால் மீட்டர் உயரமும் கொண்டது.

படத்தை மாட்டும் சுவர்

உரையை எழுத உட்காருவதற்கு முன் கூட்டம் நடக்கும் இடத்துக்குச் சென்று வடக்குத் திசை எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வடக்கு மேலே இருக்கும்படி வரைந்த படத்தை வடக்குச் சுவரில் மாட்டினால், பார்ப்பவர் வடக்கு நோக்கி நிற்பார். அவருடைய வலக்கைப் பக்கம் கிழக்கு, படத்திலும் வலப்பக்கம் கிழக்கு. அவர் படத்தில் காண்பதும் வெளியே கைநீட்டிக் காட்டுவதும் ஒரே திசையில் அமையும். அதே படத்தைத் தெற்குச் சுவரில் மாட்டினால் எல்லாம் தலைகீழாகிவிடும்: கிழக்குத் தோட்டத்தைப் படத்தில் தொடுபவரின் கை உண்மையில் மேற்கு நோக்கி நீண்டிருக்கும். வரைபடம் படித்துப் பழகியவருக்கு இது ஒரு தொல்லையே இல்லை. பழகாதவர் அங்கேயே குழம்பி, "இதெல்லாம் படித்தவர்களுக்கு" என்று ஒதுங்கிவிடுவார். வடக்குச் சுவர் கிடைக்காவிட்டால் படத்தைத் தரையில் விரித்து, அதன் வடக்கு அம்புக்குறி உண்மையான வடக்கை நோக்கும்படி திருப்பி வைத்து, மக்கள் சுற்றி நிற்கும்படி செய்யுங்கள். நேரம் இருந்தால் நான் தரையைத்தான் தேர்ந்தெடுப்பேன், ஏனெனில் சுவரின் முன் இரண்டு பேர் நின்றாலே மற்றவர்களுக்கு மறைத்துவிடும்; தரையைச் சுற்றி இருபது பேர் குனிந்து பார்க்கலாம்.

குறியீடுகளையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். வற்றாத கிணற்றுக்குப் பச்சை, வற்றிய கிணற்றுக்குச் சிவப்பு என்று நிறத்தால் மட்டும் பிரித்திருந்தால், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத சிலருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் எல்லோருக்குமே ஒன்றாகிவிடும். நிறைந்த வட்டம், பாதி நிறைந்த வட்டம், வெற்று வட்டம் என்று வடிவத்தாலும் வேறுபடுத்தியிருக்க வேண்டும்.

முதல் நிமிடம்

தொடக்கத்தில் மூன்று செய்திகள் போதும்: படத்தில் என்ன இருக்கிறது, யார் எப்போது அளந்தார்கள், இது முடிந்த படமா வரைவா. நன்றியுரையை இங்கே கொண்டுவந்து நீட்ட வேண்டாம். அளந்தவர்களின் பெயரைச் சொல்வதே அவர்களுக்கு உரிய மரியாதை, படத்தைப் பற்றி யாரிடம் கேட்பது என்பதும் அதிலேயே விளங்கிவிடும். மாதிரி ஊரின் தலைவர் இப்படித் தொடங்கலாம்:

"பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, வணக்கம். நம் ஊரின் ஒன்பது கிணறுகள், நான்கு பாதைகள், மேய்ச்சல் நிலம் ஆகியவை இந்தத் தாளில் உள்ளன. நம்மில் பதினான்கு பேர் கோடைக்காலத்தில் ஆறு நாள் நடந்து அளந்தார்கள். இது வரைவு. இன்று நீங்கள் பார்த்துச் சொல்லும் திருத்தங்களையும் சேர்த்த பிறகுதான் இது ஊரின் படம் ஆகும்."

"வரைவு" என்ற அந்தச் சொல் கட்டாயம் வர வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால், படம் முடிந்துவிட்டது என்று எண்ணி, தவறு கண்டவரும் தலைவரின் மனம் நோகக்கூடாது என்று பேசாமல் இருந்துவிடுவார்.

பட்டியல் வாசிக்காமல் நடந்து காட்டுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, படத்தின் மூலையில் உள்ள குறியீட்டு அட்டவணையை மேலிருந்து கீழாக வாசிப்பது. கேட்பவர்கள் மூன்றாவது குறியீட்டிலேயே கவனத்தை விட்டுவிடுவார்கள். அதற்கு மாறாக, கூட்டம் நடக்கும் இடத்திலிருந்து புறப்பட்டு ஊரார் அன்றாடம் நடக்கும் ஒரு வழியில் அவர்களைக் கூட்டிச் செல்லுங்கள்; குறியீடுகள் வழியில் எதிர்ப்படும்போது ஒவ்வொன்றாக விளங்கிவிடும். ஒரு நீண்ட கோலால் வழியைத் தொட்டுக்கொண்டே, தொலைவைக் காலடியில் சொல்லுங்கள். பெரியவர் ஒருவரின் நடை ஏறக்குறைய முக்கால் மீட்டர் என்று கொண்டால், படத்தின் ஒரு சென்டிமீட்டர் இருபத்தேழு காலடி.

"நாம் இருக்கும் இந்த மன்றம், இதோ இந்தச் சதுரம். வாசலில் இறங்கி வடக்கே முந்நூற்று இருபது அடி எடுத்து வைத்தால் முதல் கிணறு. படத்தில் பாருங்கள், பன்னிரண்டு சென்டிமீட்டர். வட்டம் முழுவதும் நிறைந்திருக்கிறது. கோடையிலும் இதில் நீர் உண்டு என்று பொருள். இங்கிருந்து பாதை இடப்பக்கம் திரும்புகிறது. கோடு தொடர்ந்து போகிறது; எந்தக் காலத்திலும் யாரும் நடக்கலாம் என்று பொருள்."

இப்படி ஒரே நடையில் ஒரு கிணறு, ஒரு பாதை, மேய்ச்சல் நிலத்தின் விளிம்பு மூன்றையும் தொட்டுவிட்டால் படம் படிக்கும் முறை வந்துவிடும். மீதி எட்டுக் கிணறுகளையும் நீங்கள் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. அவற்றை மக்களே தேடட்டும்.

கிணற்றைப் பற்றிச் சொல்லும்போது

கிணறு இடம் மாறுவதில்லை, அதன் நீர் மாறுகிறது. ஆகவே நீர்மட்டத்தைச் சொல்லும்போது அளந்த நாளையும் நேரத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதிகாலையில், இறைப்பு தொடங்குமுன், கல் கட்டிய கயிற்றைக் கிணற்று விளிம்பிலிருந்து நீரைத் தொடும்வரை இறக்கி அளப்பதே எளிய முறை. பகலில் இறைத்த பிறகு அளந்தால் மட்டம் தாழ்ந்து காட்டும்; காலையில் அளந்த கிணற்றையும் மாலையில் அளந்த கிணற்றையும் ஒப்பிட்டு ஒன்றில் நீர் குறைவு என்று சொன்னால், அந்தக் கிணற்றை நம்பி வாழும் தெருவினர் உடனே மறுப்பார்கள், அவர்கள் மறுப்பதும் நியாயம்தான்.

நிறைந்த வட்டத்தைக் காட்டும்போது இன்னொன்றையும் தெளிவாக்கிவிடுங்கள். அது நீர் இருப்பதைச் சொல்கிறது. அந்த நீர் குடிக்கத் தக்கது என்று சொல்லவில்லை. நீரை ஆய்வுக்கு அனுப்பிச் சோதிக்காதவரை அதைப் பற்றிப் படத்தால் எதுவும் சொல்ல முடியாது. கைவிடப்பட்ட கிணறு ஒன்று இருந்தால் அதையும் விட்டுவிடாமல் காட்டுங்கள். நீர் தராவிட்டாலும் கைப்பிடிச் சுவர் இல்லாமல் புதருக்குள் கிடக்கும் அந்தப் பள்ளத்தை, ஆடு மேய்க்கும் சிறுவர்களும் இரவில் நடப்பவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

மிகவும் நுட்பமான கிணறு ஒன்று உண்டு. மாதிரி ஊரில் வற்றாத ஐந்து கிணறுகளில் ஒன்று ஒரு குடும்பத்தின் தோட்டத்துக்குள் இருக்கிறது. கோடையில் அக்கம்பக்கத்து வீடுகள் அதில் நீர் எடுக்க அந்தக் குடும்பம் பல காலமாக விட்டுவருகிறது. படம் வரைந்த இளைஞர்கள் நல்ல எண்ணத்தோடு அதையும் பொதுக்கிணறு என்று குறித்துவிட்டார்கள். இதை அப்படியே கூட்டத்தில் வாசித்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தன் மனம் இசைந்து கொடுத்தது ஊரின் உரிமையாக எழுதப்பட்டுவிட்டது என்று அந்தக் குடும்பம் அஞ்சும். மறுநாளே தோட்டத்துக்குப் படல் கட்டும். படத்தால் ஊர் ஒரு கிணற்றை இழக்கும். எனவே கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே தலைவர் அந்த வீட்டுக்கு நேரில் சென்று, கிணற்றைப் படத்தில் காட்டலாமா, காட்டினால் எந்தச் சொல்லால் காட்டுவது என்று கேட்டுவிட வேண்டும். வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். சரி என்றால் தனிக் குறியீடு கொடுத்து, உரையில் இவ்வாறு சொல்லலாம்: "கட்டத்துக்குள் இருக்கும் இந்த வட்டம் தனியார் கிணறு. உரியவர்கள் இசைந்து நமக்கு நீர் தருகிறார்கள். அந்த இசைவு அவர்களுடையது. இந்தப் படம் அதை உரிமையாக மாற்றவில்லை."

பாதையைப் பற்றி

பாதைக்கும் இதே கேள்விதான்: யார், எப்போது, எதைக் கொண்டு போகலாம்? எல்லாக் காலத்திலும் வண்டி போகும் வழிக்குத் தடித்த கோடு, கால்நடையாக மட்டும் போகும் ஒற்றையடிப் பாதைக்கு மெல்லிய கோடு, அறுவடை முடிந்த வயலின் ஊடே சில மாதங்கள் மட்டும் திறக்கும் வழிக்கு விட்டுவிட்டு வரும் கோடு. மூன்றாவதைத் தலைவர் தம் வாயால் சொல்லியே ஆக வேண்டும். விட்டுவிட்டு வரும் கோட்டைப் படத்தில் பார்த்த ஒருவர், நாற்று நிற்கும் காலத்தில் வயலுக்குள் இறங்கிவிட்டு "படத்தில் வழி இருக்கிறதே" என்று வாதிடாமலிருக்க, அது எந்த மாதத்தில் திறக்கிறது, எப்போது மூடுகிறது என்ற இரண்டையும் சொல்லி, படத்திலும் கோட்டின் மேல் எழுதிவிடுங்கள்.

பொதுநிலத்துக்கு வரும்போது வேகத்தைக் குறையுங்கள்

எட்டு நிமிடத்தில் இரண்டு நிமிடத்தையாவது இதற்கு ஒதுக்குங்கள். பொதுவளங்களை மக்கள் தாமே பேணிக் காப்பது பற்றிய ஆய்வுக்காக 2009ஆம் ஆண்டு பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், நெடுங்காலம் நிலைத்த பொதுவளங்களில் தாம் கண்ட பண்புகளை 1990இல் தொகுத்தபோது, முதலாவதாக வைத்தது எல்லையைத்தான். வளம் எதுவரை என்பதோடு, அதைப் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்பதும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது அவர் கண்டது. ஊர் வரைபடங்களில் பெரும்பாலும் முதல் பாதி இருக்கும், இரண்டாம் பாதி இருக்காது. ஆகவே உரையில் எல்லைக் கோட்டைக் கோலால் தொட்டுச் சுற்றிக் காட்டிவிட்டு, இங்கே எந்தத் தெருவினரின் மாடுகள் மேய்கின்றன, பக்கத்து ஊரார் எந்தப் பருவத்தில் வருகிறார்கள், விறகு யார் எடுக்கிறார்கள் என்பதை இன்று நடைமுறையில் இருக்கும்படியே சொல்லுங்கள். இனி எப்படி இருக்க வேண்டும் என்ற விவாதத்தை இந்தக் கூட்டத்தில் தொடங்க வேண்டாம். இன்றுள்ளதை ஒப்புக்கொள்ளாதவர்கள் நாளை வரவேண்டியதைப் பற்றி ஒத்துப்போவது அரிது.

இதே இடத்தில் படத்தின் வரம்பையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1:2000 அளவுப் படத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள கோடு, தரையில் 2 மீட்டர் அகலத்தை மூடிவிடுகிறது. கைபேசியின் இடங்காட்டி வெட்டவெளியிலேயே சுமார் 5 மீட்டர் பிசகலாம். அடர்ந்த மரத்தின் கீழும் உயர்ந்த சுவரின் ஓரத்திலும் பிசகு இன்னும் கூடும். ஆகவே வேலி ஒரு முழம் தள்ளி நிற்கிறதா என்ற கேள்விக்கு இந்தப் படத்தில் விடை கிடையாது. தலைவர் சொல்ல வேண்டிய வாக்கியம்: "இந்தக் கோடு மேய்ச்சல் நிலம் ஏறக்குறைய எங்கே முடிகிறது என்பதைக் காட்டுகிறது. நான்கைந்து மீட்டருக்குள் வரும் எந்த வழக்கையும் இதை வைத்துத் தீர்க்க முடியாது. அதற்கு நில அளவர் வந்து அளக்க வேண்டும். யாருடைய பட்டாவையும் இந்தப் படம் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை." இதைச் சொன்னால் படத்தின் மதிப்பு குறைந்துவிடும் என்று சில தலைவர்கள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். அருகில் நிலம் வைத்திருப்பவர்களின் அச்சம் தணிந்து அவர்கள் படத்தைத் திருத்த முன்வருவது, இந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான்.

மறுப்பு எழும்போது

உரையின் கடைசி ஒன்றரை நிமிடம் திருத்தத்துக்கு உரியது. எங்கே, எத்தனை நாள், யாரிடம் சொல்ல வேண்டும் என்று அறிவியுங்கள்: "இந்தப் படம் பதினைந்து நாள் இந்த மன்றத்தில் இருக்கும். காலையும் மாலையும் அளவுக் குழுவில் ஒருவர் இங்கே இருப்பார். எழுதித் தர வேண்டியதில்லை. விரல் வைத்துக் காட்டினால் போதும், அவர் குறித்துக்கொள்வார்." பிறகு பேச்சை நிறுத்திவிட்டு, முதலில் நீர் எடுப்பவர்களை, அதாவது பெரும்பாலும் பெண்களை, படத்தருகே அழையுங்கள். கூட்டத்தின் பின்வரிசையில் நிற்கும் அவர்களுக்குக் கிணறுகளைப் பற்றித் தெரிந்த அளவுக்கு முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது.

மாதிரி ஊரில் ஒரு மூதாட்டி வந்து நான்காம் கிணற்றின் மேல் விரல் வைக்கிறார். "இந்தக் கிணறு வழிக்குக் கிழக்கே இல்லையப்பா, மேற்கே இருக்கிறது" என்கிறார். வரைந்த இளைஞர் உடனே, "இல்லை பாட்டி, கைபேசியில் பதிந்துதான் வைத்தோம்" என்று தொடங்குகிறார். தலைவர் இங்கே இரண்டு பேரில் ஒருவரை ஆதரிக்கக் கூடாது, அந்த இடத்திலேயே அழித்து மாற்றவும் கூடாது. கிணறு பாதையின் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து அது யார் நிலத்தை ஒட்டியது என்பதே மாறும். மேற்கு நிலத்துக்காரர் அன்று கூட்டத்தில் இல்லாமலும் இருக்கலாம். எனவே, "அம்மா சொன்னதைக் குறித்துக்கொள்கிறோம். நாளை மறுநாள் காலை ஏழு மணிக்கு, இருபக்க நிலத்துக்காரர்களோடும் நேரில் போய் அளப்போம். நீங்களும் வரவேண்டும், அம்மா" என்று சொல்லி, கிணற்றின் அருகே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, பதிவேட்டில் அவர் பெயரையும் நாளையும் எழுத வேண்டும். எல்லோரும் பார்க்கும்படி அந்தப் பென்சில் குறி விழுந்ததும், அதுவரை தயங்கி நின்றவர்கள் ஒவ்வொருவராக அருகே வருவதைக் காணலாம்.

அங்கே போய் அளப்பது கடினமல்ல. இடம் ஐயமில்லாத இரண்டு பொருள்களைத் தேர்ந்தெடுங்கள்: மதகின் மூலை ஒன்று, கல்தூண் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலிருந்தும் கிணற்றின் நடுவுக்கு நாடாவால் அளந்தால் 46 மீட்டரும் 38 மீட்டரும் வருகின்றன. படத்தில் அவை 2.3 சென்டிமீட்டரும் 1.9 சென்டிமீட்டரும். கவராயத்தில் அந்த ஆரங்களை எடுத்து இரு புள்ளிகளிலிருந்தும் வில் வரைந்தால், அவை வெட்டும் இடம் கிணறு. வில்கள் இரண்டு இடங்களில் வெட்டும். மதகிலிருந்து தூணை நோக்கி நின்றால் கிணறு எந்தக் கைப்பக்கம் இருக்கிறது என்று அங்கேயே பார்த்து எழுதிக்கொண்டால், எந்த வெட்டு சரியானது என்பதில் ஐயம் வராது. மூதாட்டி சொன்னதே சரியாக இருக்கிறது. கிணற்றின் மேல் அடர்ந்த ஆலமரம் கவிந்திருந்ததால் கைபேசிக் குறி பத்து மீட்டருக்கும் மேல் நகர்ந்திருந்தது. பாதையின் அகலமோ நான்கு மீட்டர்தான். அதனால் கிணறு பாதையைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டது. இதிலிருந்து அளவுக் குழுவுக்கு இன்னொரு வேலை பிறக்கிறது: மரத்தடியில் இருக்கும் மற்ற கிணறுகளையும் நாடாவால் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

திருத்தத்தைச் சேர்க்கும்போது பழைய தாளைக் கிழித்தெறிய வேண்டாம். அதன் மூலையில் "வரைவு 1" என்றும் காட்டிய நாளையும் எழுதிப் பதிவேட்டோடு வைத்து, புதிய தாளில் "வரைவு 2" என்று எழுதி, எந்தெந்தக் குறிகள் யார் சொல்லி, யார் முன்னிலையில் அளந்து மாற்றப்பட்டன என்பதை ஓரத்தில் குறித்து, இருபக்க நிலத்துக்காரர்களிடமும் கையொப்பம் வாங்குங்கள். பதினாறாம் நாள் மீண்டும் கூட்டம் கூட்டி மாறியவற்றை மட்டும் காட்டினால் போதும். அதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஒரு பிரதியை மன்றத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் மாட்டி, இன்னொன்றை நனையாதபடி உறையிட்டுப் பெட்டியில் வைத்து, நீர்மட்டத்தை அடுத்த கோடையில் மறுபடி அளக்கப்போகும் இருவரின் பெயரைப் பதிவேட்டில் எழுதிய பிறகு கூட்டத்தை முடியுங்கள்.